உறைவெதிர்ப்பி: ‘பிளட் தின்னர்’ என்ற பெயரும் டெல்லிக் குளிர்காலக் கீரையும்

‘பிளட் தின்னர்’ சாப்பிடுகிறவர்கள் கீரையைத் தொடக்கூடாது என்று டெல்லித் தமிழ் வீடுகளில் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். முனிர்க்காவிலும் கேட்டிருக்கிறேன், மயூர் விஹாரிலும் கேட்டிருக்கிறேன். இதில் பாதி அந்தப் பெயரால் வந்த குழப்பம். தின்னர் என்றால் பெயிண்டில் கலக்கும் தின்னர்தானே நினைவுக்கு வரும், அதனால் மாத்திரை ரத்தத்தை ஏதோ தண்ணீர் மாதிரி ஆக்கிவிடுகிறது என்றும், கீரை அதைத் திரும்பக் கெட்டியாக்கிவிடும் என்றும் பலர் நம்புகிறார்கள். இரண்டும் நடப்பதில்லை. இந்த மாத்திரைகளால் ரத்தத்தின் அடர்த்தி மாறுவதே இல்லை. ரத்தம் கட்டியாக உறைவதைத் தாமதப்படுத்துவது மட்டும்தான் அவற்றின் வேலை. மருத்துவத்தில் இவற்றுக்கு ஆன்டிகோயாகுலன்ட் என்று பெயர். தமிழில் உறைவெதிர்ப்பி என்று எழுதுகிறார்கள், அதுவே சரியான சொல். ‘ரத்தம் நீர்க்கும் மாத்திரை’ என்று மொழிபெயர்த்தால் ஆங்கிலப் பேச்சுவழக்கின் தவறும் கூடவே வந்துவிடும்.

கோயாகுலேஷன் என்பதன் வேர் லத்தீனில் கோவாகுலம். பால் திரிந்து கெட்டிப்படுவதற்கு ஊற்றும் பொருளுக்கு அங்கே அந்தப் பெயர். நாம் பாலில் மோரை விட்டுத் தயிராக்குவதற்கு ‘உறை ஊற்றுவது’ என்கிறோம், ரத்தம் கட்டுவதற்கும் ‘உறைதல்’ என்கிறோம். லத்தீன்காரர்களும் நாமும் ஒருவரை ஒருவர் கேட்காமலே ஒரே இடத்துக்கு வந்திருக்கிறோம். அதனால் உறைவெதிர்ப்பி என்பது யாரோ மேசையில் உட்கார்ந்து கட்டிய சொல்லாக எனக்குத் தோன்றவில்லை, சமையலறையில் பிறந்த சொல்தான்.

வைட்டமின் கே என்ற பெயரிலும் இந்த உறைதல்தான் இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்ரிக் டாம், கோழிக்குஞ்சுகளுக்குக் கொழுப்பு நீக்கிய தீனி கொடுத்து ஆய்வு செய்தபோது அவற்றுக்குத் தோலுக்கடியில் ரத்தம் கசிவதைப் பார்த்தார். தீனியில் இல்லாமல் போன ஏதோ ஒரு சத்துதான் காரணம் என்று புரிந்துகொண்டு, 1935-இல் அதற்கு ‘கே’ என்று பெயரிட்டார். டேனிஷிலும் ஜெர்மனிலும் கோயாகுலேஷனை ‘கே’ எழுத்தில்தான் தொடங்கி எழுதுவார்கள். 1943-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு அவருக்கும், இந்தச் சத்தின் வேதி அமைப்பைக் கண்டறிந்த எட்வர்ட் டாய்சிக்கும் சேர்த்துக் கிடைத்தது. தமிழில் உயிர்ச்சத்து கே என்று எழுதலாம். ஆனால் கடையிலும் ஆய்வறிக்கையிலும் வைட்டமின் என்றே இருப்பதால் அப்படியே சொல்வதில் தவறில்லை.

சரி, இது கீரையோடு எப்படிச் சேர்கிறது? காயம் பட்டால் ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்கள் சிலவற்றைக் கல்லீரல் தயாரிக்கிறது. அவற்றில் நான்கு, மருத்துவர்கள் 2, 7, 9, 10 என்று எண்ணிட்டுச் சொல்பவை, வைட்டமின் கே இல்லாமல் முழுமையடையாது. கே இருந்தால்தான் அந்தப் புரதங்களால் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு காயம்பட்ட இடத்தில் போய் ஒட்ட முடியும். ஒருமுறை வேலை செய்த கே செலவழிந்துவிடுகிறது, ஆனால் உடம்பு அதைத் தூக்கி எறிவதில்லை, ஒரு நொதியை வைத்துப் புதுப்பித்து மறுபடி பயன்படுத்துகிறது. வார்ஃபரின், அசெனோகூமரால் ஆகிய மாத்திரைகள் அந்தப் புதுப்பிக்கும் நொதியைத்தான் தடுக்கின்றன. ஆகவே இந்த மாத்திரைகளுக்கு இன்னும் துல்லியமான பெயர் வைட்டமின் கே எதிர்ப்பி. பழைய கே புதுப்பிக்கப்படாமல் நிற்கும்போது வெளியிலிருந்து புதிய கே நிறைய வந்தால் மாத்திரையின் பிடி தளர்கிறது, வரத்து திடீரென்று குறைந்தால் பிடி இறுகுகிறது.

வார்ஃபரின் வந்த கதையும் ஒரு இலையில்தான் தொடங்குகிறது. 1920-களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் கெட்டுப்போன, இனிப்புக் குளோவர் என்ற தீவனச் செடியின் வைக்கோலைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் குழு அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் பின்னால் உருவான மருந்துக்கு, ஆய்வுக்குப் பணம் கொடுத்த அறக்கட்டளையின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து வார்ஃபரின் என்று பெயர் வைத்தார்கள். 1948-இல் எலி மருந்தாகச் சந்தைக்கு வந்தது, 1954-இல் மனிதர்களுக்கான மருந்தானது.

இந்த மருந்து எவ்வளவு வேலை செய்கிறது என்பதை ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையில் பார்ப்பார்கள். மருந்து சாப்பிடாதவருக்கு அது சுமார் 1 இருக்கும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாறுமாறான இதயத் துடிப்பு உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் 2 முதல் 3 என்று இலக்கு வைப்பார்கள், இதயத்தின் மைட்ரல் வால்வு இருக்கும் இடத்தில் உலோக வால்வு வைத்தவர்களுக்கு 2.5 முதல் 3.5. எண் கீழே போனால் கட்டி உருவாகிப் பக்கவாதம் வரலாம், மேலே போனால் ரத்தக்கசிவு.

என் பெரியம்மாவுக்கு வாதக் காய்ச்சலில் கெட்ட மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். தினம் 4 மில்லிகிராம் வார்ஃபரின். அக்டோபரில் ஐ.என்.ஆர். 2.8, பிரச்சினையே இல்லை. டெல்லியில் நவம்பர் பிறந்ததும் காய்கறி வண்டி முழுக்கப் பச்சையாகிவிடும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பாலக், மேத்தி என்கிற வெந்தயக்கீரை, பதுவா என்கிற சக்கரவர்த்திக்கீரை, அப்புறம் சர்சோன், அதாவது கடுகுக்கீரை. விலையும் சரிந்துவிடும். பெரியம்மா வீட்டில் பொரியலாக, கூட்டாக, பருப்பில் என்று தினமும் ஏதோ ஒரு கீரை. பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரர்கள் வேறு வாரம் தவறாமல் வெண்ணெய் மிதக்கும் சாக் என்கிற கீரை மசியலைக் கொடுத்துவிடுவார்கள். ஜனவரியில் எண் 1.9. “மாத்திரையை விட்டுட்டீங்களா?” என்று மருத்துவர் கேட்டார், இல்லை என்றார், ஒருநாள் 4, மறுநாள் 5 என்று அளவு கூடியது. ஏப்ரலில் கீரை வண்டிகள் காணாமல் போய்ச் சுரைக்காயும் பீர்க்கங்காயும் வந்தன, மாத்திரை மட்டும் ஜனவரி அளவிலேயே நின்றது. பல் துலக்கும்போது ஈறில் ரத்தம், எங்கும் இடிக்காமலே முன்கையில் நீலத்திட்டு. பரிசோதித்தால் 5.2. அன்று இரவு மாத்திரை வேண்டாம் என்று சொல்லி, சில நாளில் மறுபடி பார்த்து, பழைய 4 மில்லிகிராமுக்கே திருப்பினார்கள். இடையில் ஒருவரும் “என்ன சாப்பிடுகிறீர்கள், என்ன மாறியது?” என்று கேட்கவில்லை. எனக்கு இதில்தான் கோபம்.

கணக்கைப் பார்த்தால் இந்த ஆட்டம் புரியும். பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு 90 முதல் 120 மைக்ரோகிராம் கே போதும் என்பது அமெரிக்க அளவுகோல். பாலக்கில் 100 கிராமுக்குச் சுமார் 480 இருக்கிறது. 150 கிராம் வெந்த பாலக் கொண்ட ஒரு கிண்ணம் சாப்பிட்டால் 700-ஐத் தொட்டுவிடும். கீரை வெந்தால் சுருங்கும், கே குறையாது. அது கொழுப்பில் கரைவது, கொதிக்கும் தண்ணீரோடு போகாது, அதனால் வடித்துக் கொட்டினாலும் பயனில்லை. கால் கிலோ இலை வாணலியில் கைப்பிடி அளவாகிவிடும், ‘கொஞ்சம்தானே சாப்பிட்டேன்’ என்று தோன்றுவது அதனால்தான். எண்ணெயோ வெண்ணெயோ சேர்ந்தால் உடம்பு அதை இன்னும் நன்றாக இழுத்துக்கொள்ளும். சுரைக்காயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் சாப்பிடும் கோடையில் வரத்து இதில் ஒரு சின்னப் பங்குதான்.

இந்த இடத்தில் ஒரு பெயர்க் குழப்பத்தையும் சொல்ல வேண்டும். உணவுப் பட்டியல்களில் ‘பசலைக்கீரை’ என்று பார்த்துவிட்டு, நாங்கள் பாலக்தானே சாப்பிடுகிறோம் என்று விட்டுவிடுகிறார்கள். நம் ஊர்ப் பசலை கொடியில் படரும் வழவழப்பான வேறொரு செடி. மருத்துவர் பட்டியலில் ஆங்கில ஸ்பினாச்சுக்குத் தமிழாகப் பசலை என்று போட்டிருந்தால் அவர் சொல்வது பாலக்கைத்தான். எதுவானாலும் கரும்பச்சை இலை என்றால் கே அதிகம் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. கொத்தமல்லித் தழையிலும் 100 கிராமுக்கு 310 அளவுக்கு உண்டு, ஆனால் ரசத்தில் தூவும் சில இலைகளால் ஒன்றும் ஆகாது. கிண்ணம் கிண்ணமாகச் சட்னி அரைத்துச் சாப்பிட்டால்தான் கணக்கில் வரும். முட்டைக்கோஸ் 75 சொச்சம்.

அப்படியானால் கீரையை அடியோடு நிறுத்துவதா? அது தீர்வே இல்லை. உடம்பில் கே இருப்பு மிகவும் குறைந்தவர்களுக்கு ஒருநாள் கல்யாணச் சாப்பாட்டுக் கீரையே எண்ணைச் சட்டென்று கீழே இறக்கிவிடும். தினமும் கொஞ்சம் வந்துகொண்டிருந்தால் ஐ.என்.ஆர். நிலையாக நிற்கும். பெரியம்மாவுக்கு இப்போது வாரத்தில் மூன்று நாள், ஒரு சின்னக் கிண்ணம், வருடம் முழுக்க அதே அளவு. கோடையில் பாலக் விலை ஏறினாலும் அந்த மூன்று நாளுக்கு வாங்கிவிடுகிறோம், குளிர்காலத்தில் சாக் வந்தால் அன்று வீட்டுக் கீரை கிடையாது. நவம்பரிலும் ஏப்ரலிலும் கூடுதலாக ஒருமுறை பரிசோதிக்கச் சொல்லி மருத்துவரே ஏற்பாடு செய்துவிட்டார். பொங்கலுக்கு ஊருக்குப் போய் முருங்கைக்கீரையும் அரைக்கீரையுமாகச் சாப்பிட்டு வந்தால் அதையும் அவரிடம் சொல்கிறார். கீரை அதிகமாகிவிட்டது என்று மாத்திரையைத் தானே கூட்டுவதோ குறைப்பதோ மட்டும் கூடாது, ஏனென்றால் உறைவுப் புரதங்களில் சில ரத்தத்தில் இரண்டு மூன்று நாள் தங்கும், இன்று மாற்றிய அளவின் முழு விளைவு நாளைக்குத் தெரியாது.

இவ்வளவும் வைட்டமின் கே எதிர்ப்பிகளுக்கு மட்டும். அபிக்சபான், ரிவரோக்சபான், டபிகட்ரான் ஆகிய புதிய உறைவெதிர்ப்பிகள் உறைவுப் புரதங்களை நேரடியாகத் தடுப்பவை, அவற்றுக்கும் கீரைக்கும் சம்பந்தமில்லை. ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் உறைவெதிர்ப்பிகளே அல்ல, ரத்தத் தட்டுகள் ஒட்டிக்கொள்வதைத் தடுப்பவை. ஸ்டென்ட் வைத்துக்கொண்டு அந்த இரண்டு மாத்திரை மட்டும் சாப்பிடும் எத்தனையோ பேர் வீணாகக் கீரையை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதற்காக வார்ஃபரினை விட்டுப் புதியதுக்கு மாறிக்கொள்ளலாம் என்று உலோக வால்வு உள்ளவர்கள் நினைக்கக்கூடாது, அவர்களுக்கு அந்தப் புதிய மருந்துகள் பாதுகாப்பில்லை. ஆகவே ‘பிளட் தின்னர்’ என்று யாராவது சொன்னால் முதலில் மாத்திரை அட்டையைத் திருப்பி, சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். வார்ஃபரின் அல்லது அசெனோகூமரால் என்று இருந்தால் கீரையின் அளவைப் பற்றி அடுத்த முறை மருத்துவரிடம் பேசுங்கள். மலம் கறுப்பாகப் போனாலோ, சிறுநீர் சிவந்தாலோ, தலையில் அடிபட்டாலோ, கை மரத்துப் பேச்சு குழறினாலோ அடுத்த முறைக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.