பழவரிசி: பச்சை என்பது புதிது அல்ல

பாஸ்மதிப் பொதிகளில் 'ஏஜ்ட்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பதை ஹட்டன், பண்டாரவளைக் கடைகளில் பார்க்கலாம். அறுவடைக்குப் பிறகு நெல்லாகவோ அரிசியாகவோ சில மாதங்கள் இருப்பில் வைத்து, பிறகு விற்பனைக்கு விட்டது என்பது அதன் பொருள். இதை 'முதிர்ந்த அரிசி' என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. முதிர்தல் கதிரில் நடப்பது. இது களஞ்சியத்தில் நடப்பது. அரிசி புதிதாக இருந்தால் புத்தரிசி என்று ஏற்கெனவே சொல்கிறோம். புத்தாண்டு, புத்தாடை போலப் புதுவும் அரிசியும் சேர்ந்த சொல் அது. அதே முறையில் பழமையும் அரிசியும் சேர்ந்தால் பழவரிசி. நீரூற்றி வைத்த பழஞ்சோற்றோடு இது குழம்பாது. ஒன்று சமைப்பதற்கு முன் பழையது, மற்றது சமைத்த பின் பழையது.

உண்மையான குழப்பம் வேறு சொல்லில் இருக்கிறது. பச்சை அரிசி என்றதும் பலர் புது அரிசி என்று நினைத்துவிடுகிறார்கள். பச்சை என்பது பசுமையிலிருந்து வந்து 'வேகாதது' என்ற பொருளையும் ஏற்ற சொல். நெல்லை அவிக்காமல் குற்றினால் பச்சை அரிசி. சிங்களத்தில் இதைத்தான் கெக்குளு என்கிறார்கள். அவித்துக் காயவைத்துக் குற்றினால் புழுங்கல் அரிசி. புழுங்குதல் என்பது ஆவியில் வேகுதல். வயதுக்கும் இந்தப் பிரிவுக்கும் தொடர்பே இல்லை. ஒரு வருடம் மூட்டையில் கிடந்த பச்சை அரிசியும் பச்சை அரிசிதான்.

இந்த வேறுபாடு மலையகத்தில் பளிச்சென்று தெரியும் நாள் தைப்பொங்கல். புத்தரிசியில் பொங்க வேண்டும் என்பது வழக்கம். ஆனால் இலங்கையில் பெரும்போக நெல் பெருமளவில் அறுவடையாவது மாசி, பங்குனியை ஒட்டித்தான். தைப் பிறப்பன்று கடையில் கிடைக்கும் பச்சை அரிசி, பெரும்பாலும் அதற்கு முந்திய ஆவணி, புரட்டாசியில் அறுத்த சிறுபோக நெல்லினுடையதாகத்தான் இருக்கும். அப்படியானால் அதற்கு நான்கு மாத வயது ஆகியிருக்கும். அரிசியின் சமையல் குணம் மிக வேகமாக மாறுவது முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில். பொங்கலன்று நாம் 'புது' என்று உலையில் போடுவது பாதி வழியைக் கடந்துவிட்ட பழவரிசி.

அந்த மாதங்களில் அரிசிக்குள் என்ன நடக்கிறது? புத்தரிசியில் மாவுச்சத்துத் துணுக்குகளைச் சுற்றியுள்ள புரதம் தளர்வாக இருக்கும். வெந்நீர் பட்டதும் மாவுச்சத்து எளிதாகக் கசிந்து வெளியே வந்துவிடும். கஞ்சி கெட்டியாவதும் சோறு ஒன்றோடொன்று ஒட்டுவதும் அதனால்தான். நாள் செல்லச் செல்லப் புரத இழைகள் ஒன்றையொன்று பற்றி இறுகுகின்றன. அரிசியிலுள்ள கொழுப்பு சிதைந்து, அதன் அமிலங்கள் மாவுச்சத்தின் ஒரு பகுதியோடு பிணைந்துகொள்கின்றன. மணி உடையாமல் அதிக நீரைக் குடித்துப் பெரிதாகிறது, மாவு வெளியே வருவது குறைகிறது, சோறு பொலபொலவென்று உதிர்கிறது. மணம் மட்டும் குறையும். ஆகவே பழவரிசி எப்போதும் மேல் என்பது சரியல்ல. பாற்சோற்றுக்கும் பொங்கலுக்கும் ஒட்டும் புத்தரிசிதான் வேண்டும். நெய்ச்சோற்றுக்கும் பிரியாணிக்கும் பழவரிசி வேண்டும்.

மலையில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே உலை சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஹட்டனில் ஏறத்தாழ 96. மாவுச்சத்து வேகத் தேவையான சூடு இதைவிடக் குறைவு என்பதால் சோறு வேகாமல் போகாது. ஆனால் நீர் மணியின் நடுவுக்குள் ஊறி அது வேகத் தாமதமாகும். இறுகிப்போன பழைய மணியில் இன்னும் தாமதமாகும். வெளியே குழைந்து நடுவில் அரிசி நிற்பது அதனால்தான்.

பொங்கல் பானையையே எடுத்துக்கொள்வோம். ஒரு சுண்டு பச்சை அரிசி புத்தரிசியாக இருந்தால் பாலும் நீரும் சேர்த்து நான்கு சுண்டு போதும். பழையதானால் ஐந்துக்கும் சற்று மேல் வேண்டும், அரை மணி நேரம் ஊறவும் வேண்டும். கடைக்காரரிடம் வயதைக் கேட்டுப் பயனில்லை, மணியிடமே கேட்க வேண்டும். இரண்டு மணியைக் கடைவாயில் வைத்துக் கடித்தால் புதியது மென்மையாக நொறுங்கும், பழையது 'டக்' என்று உடையும். புதியது வெண்மையாகவும் பழையது சற்று மஞ்சளாகவும் தெரியும் என்பார்கள். பச்சை அரிசிக்கு இது ஓரளவு பொருந்தும். புழுங்கல் அவித்ததாலேயே மஞ்சளாக இருக்கும், அங்கே நிறத்தை நம்ப முடியாது. ஐயம் தீராவிட்டால் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக வேகவைத்து நீரைப் பாருங்கள். புத்தரிசியின் கஞ்சி கொழகொழவென்று இருக்கும், பழையதினுடையது தெளிவாக இருக்கும்.

சர்க்கரை போடும் நேரத்தில்தான் பானை கெட்டுப்போகிறது. இனிப்பு நீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும், மாவுச்சத்து வேகத் தேவையான சூட்டையும் உயர்த்தும். மணி விரலில் நசுங்கும் முன் சர்க்கரை விழுந்தால் அதற்குப்பின் எவ்வளவு கிண்டினாலும் அரிசி இளகாது. நுவரெலியாவில் இந்தப் பொறுமை இரட்டிப்பாக வேண்டும். அவசரக்காரர்களுக்குப் பிரஷர் குக்கர் இருக்கிறது. பால் பொங்குவதைப் பார்க்க முடியாது என்பதுதான் குறை.

நீளம் பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. நீள அரிசி உதிரும், குட்டை அரிசி ஒட்டும் என்பார்கள். கீரிச் சம்பா இதைப் பொய்யாக்குகிறது. அது குட்டையிலும் குட்டை. இருந்தும் வெந்த சோறு தனித்தனியாக நிற்கும். காரணம், நம் நாட்டு அரிசிகள் பெரும்பாலானவற்றில் ஒட்டாத வகை மாவுச்சத்தான அமிலோஸ் அதிகம். ஒட்டுவதை முக்கியமாகத் தீர்மானிப்பது அதுதான், நீளம் அன்று. வெந்து எந்தத் திசையில் விரியும் என்பதும் வகையையும் வயதையும் பொறுத்தது. பாஸ்மதி நெடுக்கில் நீளும். ஓராண்டு பழையதானால் சுமார் 7 மில்லிமீற்றர் மணி ஏறக்குறைய இருமடங்கு நீளமாகும். புதிய பாஸ்மதி அந்த அளவுக்கு நீளாமல் பக்கவாட்டில் உப்பிவிடும். (சம்பா என்ற சொல்லும் கரைக்குக் கரை மாறும். தமிழகத்தில் அது ஒரு பருவத்தின் பெயர், இங்கே சிறு மணி அரிசியின் பெயர்.)

பழவரிசியை வீட்டிலேயே ஆக்கலாம் என்று மூட்டையை ஓரமாகக் கட்டி வைப்பவர்களுக்கு மலைநாடு ஒத்துழைக்காது. பழமையாவது சூட்டில் வேகமாகவும் குளிரில் மெதுவாகவும் நடக்கும். பொலன்னறுவைக் களஞ்சியத்தில் ஆறு மாதத்தில் வரும் மாற்றம் நுவரெலியாவில் அதைவிட அதிக நாள் எடுக்கும். அதற்குள் ஆனி, ஆடி மழை வந்துவிடும். லயத்துச் சுவரில் சாய்த்த சாக்கு ஈரத்தை உறிஞ்சும். ஈரப்பதம் 14 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சணத்துக்கு வழி திறக்கும். புளித்த வாசம், மணிகள் கட்டியாகச் சேர்வது, கைவிட்டால் உள்ளே வெதுவெதுப்பு: இவை தென்பட்டால் அது பழவரிசி அல்ல, கெட்ட அரிசி. நன்கு காய்ந்த அரிசியைத் திடீரென்று ஈரக்காற்றில் திறந்து வைத்தாலும் மணியில் வெடிப்பு விழும், உலையில் குருணையாகப் பிரியும். மூடி இறுகும் தகரத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி, சுவரில் ஒட்டாமல் வைப்பதே இங்கே சரிவரும்.