கீப்பர் பண்றது சேமிப்பு இல்ல, காப்பு

பெரியபட்டினம் பக்கம் ஒரு எழுவர் கால்பந்து இறுதி ஆட்டம் பாத்துட்டு வந்ததுல இருந்து இத எழுதியே ஆகணும்னு இருந்தேன். ஆட்டம் 3-2. சிறந்த கீப்பர் கோப்பைய தோத்த டீம் பையனுக்குக் குடுத்தாங்க, மைக்ல "பதினொரு சேமிப்புகள்"னு மூணு தடவ சொன்னாங்க. ஸ்கோர் எழுதுன தம்பிகிட்ட கேட்டா, "காக்கா, ஜெயிச்ச டீம் கீப்பர் நாலுதான் புடிச்சான், இவன் பதினொன்னு, வேற யாருக்குக் குடுப்பீங்க?"ங்கிறான். சொல்லும் தப்பு, கணக்கும் தப்பு.

கீப்பர் பந்தத் தடுக்குறத இங்கிலீஷ்ல சேவ்னு சொல்வாங்க, அந்தச் சொல்லு லத்தீன்ல ஆபத்தில்லாம இருக்குறதக் குறிக்கிற சொல்லுல இருந்து வந்தது, காப்பாத்துறதுதான் அதோட முதல் பொருள். காச மிச்சம் புடிக்கிறது பின்னாடி வந்து ஒட்டுனது. மொழிபெயர்க்கிறவங்க அகராதியத் தொறந்து கண்ணுல பட்டத எடுத்து வச்சிட்டாங்க. அதுக்கு ஒருத்தர் எங்கிட்ட வாதாடுனாரு, சேமம்னாலே பாதுகாப்புதானே, அதுலருந்து வந்த சேமிப்புல என்ன குத்தம்னு. சேமம் அப்பிடித்தான், மறுக்கல. ஆனா இன்னைக்கு ராம்நாட்டுல யார்கிட்டயும் சேமிப்புன்னு சொல்லிப் பாருங்க, போஸ்ட் ஆபீஸ் பாஸ்புக்குதான் ஞாபகம் வரும். சேமிச்சா அது நம்மகிட்ட இருக்கணும், கீப்பர் பாதி பந்த கார்னருக்குத் தட்டில்ல விடுறான்! அதவிட மோசம், கோலுக்கு நேரா வந்த பந்துல எத்தனை சதவீதம் தடுத்தான்ங்கிறத 'சேமிப்பு விகிதம்'னு எழுதுறது, அது பட்ஜெட் செய்தில வர்ற சொல்லு, ஜனங்க வருமானத்துல எவ்வளவு மிச்சம் வைக்கிறாங்கங்கிறது. 'தடுப்பு'ன்னு வச்சா டிஃபெண்டர் காலக் குறுக்க விடுறதும் தடுப்புதான், ரெண்டும் கலந்துரும். அதனால 'காப்பு', சதவீதத்துக்கு 'காப்பு விழுக்காடு'. கோல்காப்பாளர்னு எழுதுறப்ப அவன் செய்யிறது மட்டும் எப்பிடி சேமிப்பாகும்?

இப்ப கணக்குக்கு வர்றேன். வெறும் காப்பு எண்ணிக்கை கீப்பரவிட அவன் டிஃபென்ஸப் பத்திதான் அதிகம் சொல்லும். 2017 டிசம்பர் 2-ஆம் தேதி ஆர்சனல் மைதானத்துல மான்செஸ்டர் யுனைட்டட் கீப்பர் டி கியா 14 காப்பு செஞ்சாரு, உள்ள போனது 1. அற்புதமான ஆட்டம்தான், ஆனா 15 பந்து கோலுக்கு நேரா வந்தாதான அந்த 14 சாத்தியம். காப்பு விழுக்காடு இத ஓரளவு சரி பண்ணும், 15-ல 14, அதாவது 93. ஆனா அதுக்கு எல்லா உதையும் ஒண்ணுதான், நடுக்கோட்டுல இருந்து உருண்டு வந்ததும் ஆறடில இருந்து மூலைக்கு அடிச்சதும்.

அதுக்குத்தான் PSxG. இதையும் "ஷாட்டுக்குப் பிந்தைய எதிர்பார்க்கப்பட்ட கோல்கள்"னு எழுதுறாங்க, யாரு எதிர்பார்த்தாங்கன்னே தெரியல. 'உதைத்தபின் கோல் வாய்ப்பு'ன்னு சொன்னா போதும். பந்து கால விட்டுக் கிளம்புனதுக்கு அப்புறம், எங்கருந்து வந்துச்சு, கோல்ல எந்த இடத்துக்குப் போகுதுங்கிறத எல்லாம் வச்சு, அது கோலாகுற வாய்ப்ப 0-க்கும் 1-க்கும் நடுவுல போடுறது. கோலுக்கு நேரா வந்த உதைக்கு மட்டும்தான் கணக்கு. எல்லாத்தையும் கூட்டி, வாங்குன கோலக் கழிச்சா கீப்பர் எத்தனை கோல மிச்சப்படுத்துனான்னு தெரியும்.

அன்னைக்கு ஆட்டத்த ஒரு பையன் மொபைல்ல எடுத்திருந்தான். நான் நோட்டுல கோல் கட்டம் வரைஞ்சு ஒவ்வொரு உதைக்கும் புள்ளி வச்சேன், வாய்ப்பு நானா கண்ணால போட்டது. கோப்பை வாங்குன பையனுக்கு வந்தது 14. அதுல பத்து நெஞ்சுக்கு நேரா வந்த தூரத்து உதை, ஒண்ணுக்கு 0.05ன்னா 0.5. மீதி நாலுல ரெண்டு 0.3, ரெண்டு 0.5, சேந்து 1.6. மொத்தம் 2.1, வாங்குனது 3, அப்ப 0.9 கோல் நஷ்டம். ஜெயிச்ச டீம் பையனுக்கு வந்தது ஆறே ஆறு, ஆனா நாலு நெருங்கி வந்து மூலைக்கு அடிச்சது, ஒண்ணுக்கு 0.7, ரெண்டு 0.5. மொத்தம் 3.8, வாங்குனது 2, அப்ப 1.8 கோல மிச்சப்படுத்தியிருக்கான். காப்பு விழுக்காடு பாத்தாலும் முதல் பையன் 79, இவன் 67, அதுவும் ஏமாத்திருச்சு பாத்தீங்களா.

ஒரு ஆட்டத்த வச்சு முடிவு கட்டக் கூடாதுங்கிறதும் உண்மை, ஒரு கோல் முன்னபின்ன ஆனா கணக்கு மாறிரும், ஒரு சீசனாவது வேணும். கிராஸ் ஏறி வந்து புடிக்கிறது, முன்னாடி ஓடி வந்து கோணத்த அடைச்சு எதிராளிய வெளிய அடிக்க வைக்கிறது எதுவும் இதுல வராது. பெரிய லீக்ல போடுற எண்ணிக்கையும் பெரிய கோல், பெரிய மைதானத்துக்கானது, நம்ம சின்ன கோலுக்கு அப்பிடியே பொருந்தாது. கச்சான் காத்து அடிச்சா மணல் தரையில பந்து கடைசி நேரத்துல வளையும், அதுவும் கணக்குல இல்ல. கோப்பை வாங்குன பையனுக்கு வந்த ரெண்டு 0.5-ல ஒண்ணு அப்பிடி வளைஞ்சு உள்ள போனதுதான், அதுக்கு அந்தப் பையன நான் குறை சொல்ல மாட்டேன்.