இரண்டு கால் வெளியே வந்தும் தலை வராத கன்று: எப்போது திருப்புவது, எப்போது அறுவை?

மாடு முக்குகிறது. முன்னங்குளம்பு இரண்டும் வெளியே தெரிகின்றன. ஆனால் மூக்கு வரவில்லை. புழல், மாதவரம், செங்குன்றம் பக்கம் கறவை மாடு வைத்திருப்பவர்களிடமிருந்து இப்படி அழைப்பு வரும்போது, கூடவே இன்னொரு வரியும் வரும்: "நாலு பேரு சேர்ந்து இழுத்துப் பாத்துட்டோம் சார், அசையவே இல்ல." கன்று மாட்டிக்கொண்டதைவிட இந்த வரிதான் அதிகக் கவலை தருகிறது.

இயல்பான பிரசவத்தில் கன்று முன்னங்கால்களை நீட்டி, அவற்றின் மேல் தலையை வைத்து, முதுகு மாட்டின் முதுகுப் பக்கம் இருக்கும்படி வருகிறது. தலை மட்டும் விலாப் பக்கம் திரும்பிவிட்டால் கால்கள் எந்தத் தடையும் இல்லாமல் முன்னே வரும். பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக நடப்பதாகத் தோன்றும். அந்தக் கால்களை இழுத்தால் கன்றின் தோள் இடுப்பெலும்பு வளையத்துக்குள் ஏறி அடைத்துக்கொள்ளும். கழுத்து இன்னும் மடங்கும். தலையைத் திருப்ப வேண்டிய இடம் கருப்பைக்குள்தான் இருக்கிறது. அந்த இடத்துக்குப் போகும் வழியை இழுவையே மூடிவிடுகிறது. மூக்கைக் கண்ணால் பார்க்காமலோ கையால் தொடாமலோ காலில் கயிறு கட்டக்கூடாது என்று சொல்வது இதனால்தான்.

ஒரு மாட்டை எடுத்துக்கொள்வோம். தலையீற்று, ஜெர்சி கலப்பினம். இரவு 10 மணிக்குப் பனிக்குடம் உடைந்தது, 11 மணிக்குக் குளம்புகள் தெரிந்தன, 12 மணி வரை வேறு எதுவும் நடக்கவில்லை. பனிக்குடம் உடைந்து 2 மணி நேரம் ஆகியும் முன்னேற்றம் இல்லையென்றால் மருத்துவர் பார்த்தாக வேண்டும். இங்கே அந்த நேரம் வந்துவிட்டது. "வலி வரட்டும்" என்று ஆக்சிடோசின் ஊசி போடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. உள்ளே தலை திரும்பியிருக்கிறதா, கருப்பை முறுக்கியிருக்கிறதா என்று தெரியாமல் அந்த ஊசியைப் போட்டால், கருப்பை கன்றை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், கிழியவும் கூடும். கன்று வெளியே வந்த பிறகு போட வேண்டிய மருந்து அது.

மருத்துவர் வரும்வரை மாட்டை வழுக்கும் சிமென்ட் தரையிலிருந்து மண் தரைக்கு மாற்றுங்கள், முடியாவிட்டால் சாக்கும் மணலும் பரப்புங்கள். இரண்டு வாளி சுத்தமான தண்ணீர், நல்ல வெளிச்சம், துணைக்கு இரண்டு ஆட்கள் இருந்தால் போதும்.

முதல் வேலை, வெளியே தெரிவது எந்தக் கால் என்று அறிவது. குளம்பின் அடிப்பாகம் தரையைப் பார்த்தால் பெரும்பாலும் முன்னங்கால், மேலே பார்த்தால் பெரும்பாலும் பின்னங்கால். ஆனால் கன்று மல்லாந்து கிடந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். அதனால் மூட்டுகளைத்தான் நம்ப வேண்டும். குளம்புக்கு மேலுள்ள முதல் மூட்டும் அதற்கு அடுத்ததும் ஒரே திசையில் மடங்கினால் முன்னங்கால். எதிரெதிர்த் திசையில் மடங்கி, இரண்டாவது மூட்டில் கூரான குதியெலும்பு கையில் பட்டால் பின்னங்கால். பிறகு இரண்டு கால்களையும் கையால் தொடர்ந்து மார்பு வரை போய், இரண்டும் ஒரே கன்றுடையவை என்று உறுதி செய்ய வேண்டும். இரட்டைக் கன்றுகளில் ஆளுக்கு ஒரு கால் வெளியே வந்திருக்கும் நிலையும் உண்டு.

நம் மாட்டில் இரண்டும் முன்னங்கால், ஒரே கன்று. மார்பிலிருந்து கழுத்தைப் பின்பற்றிக் கை போகிறது. கழுத்து இடப்பக்கம் மடங்கியிருக்கிறது, காது படுகிறது, இன்னும் நீட்டினால் கண்குழி படுகிறது. முடிவெடுக்க உதவும் பெரிய தகவல் இதுதான். கண்குழியோ வாயின் ஓரமோ விரலில் எட்டினால் தலையைத் திருப்பும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. காது நுனிக்கு மேல் எதுவும் எட்டவில்லையென்றால் வாய்ப்பு குறைவு. கழுத்தே பிறவியில் கோணி விறைத்திருக்கும் கன்றும் உண்டு. எட்டினாலும் அது நிமிராது.

அடுத்து, கன்று உயிரோடு இருக்கிறதா என்ற சோதனை. குளம்பின் பிளவுக்கு நடுவே அழுத்திக் கிள்ளினால் காலை இழுத்துக்கொள்ளும். கண்ணை மெதுவாக அழுத்தினால் அசையும். வாய் எட்டினால் விரலைச் சப்பும். மார்பில் கை எட்டினால் இதயத் துடிப்பு தெரியும். நெடுநேரம் மாட்டிக்கொண்ட கன்று களைத்துப்போய் எதற்கும் அசையாமலும் இருக்கும் என்பதால், ஒரே சோதனையை வைத்து இறந்துவிட்டது என்று சொல்லக்கூடாது. முடி கையோடு உரிந்து வந்தால், தோலுக்கடியில் காற்று நொறுநொறுத்தால், நாற்றம் அடித்தால் சந்தேகமில்லை.

நம் கன்று காலை இழுக்கிறது. கருப்பை இன்னும் ஈரமாக, தளர்வாக இருக்கிறது. யாரும் இழுத்துப் பார்க்கவில்லை. ஆகவே கையால் திருப்புவதே முதல் வழி.

வாலின் அடியில், முதல் இரண்டு வால் எலும்புகளுக்கு இடையே 2 சதவீத லிக்னோகெய்ன் 5 மில்லி போட்டால், சில நிமிடங்களில் வால் துவண்டு மாடு முக்குவது வெகுவாகத் தணியும். கருப்பையின் சுருக்கம் நிற்காது என்றாலும் கையை எதிர்த்துத் தள்ளும் வயிற்று வலு குறைந்துவிடும். உள்ளே வழுவழுப்பு வேண்டும். அதற்கு லிக்விட் பாரஃபின் அல்லது கார்பாக்சி மெத்தில் செல்லுலோஸ் கூழைக் குழாய் மூலம் தாராளமாகச் செலுத்த வேண்டும். சோப்பு நுரை கருப்பையின் இயற்கையான வழவழப்பையும் கழுவிவிடும். தண்ணீரில் கரைத்துப் பயன்படுத்தும் சில பாலிமர் பொடிகள் கன்றை எடுக்க நன்றாக வழுக்கினாலும், அறுவையின்போது வயிற்றறைக்குள் சிந்தினால் உயிருக்கே ஆபத்து. அறுவைக்குப் போகலாம் என்ற எண்ணம் ஓரளவு இருந்தாலும் அவற்றைத் தொடக்கூடாது.

இரண்டு கால்களிலும் தனித்தனிக் கயிறு. முதல் மூட்டுக்கு மேலே ஒரு சுருக்கு, கீழே அரைச் சுருக்கு; இழுவை ஒரே இடத்தில் விழுந்து எலும்பு முறியாமல் இருக்க இந்த இரட்டைக் கட்டு. கயிற்றின் நுனி வெளியே இருக்க, கால்களை உள்ளேயே தள்ளிவிடலாம். கால்கள் உள்ளே போவதைப் பார்த்ததும் வீட்டார் பதறுவார்கள். முன்பே சொல்லிவிடுவது நல்லது: இடம் உண்டாக்காமல் தலை வராது.

ஒரு கை கன்றின் மார்பை, முக்கல் தளரும் இடைவெளியில் பின்னோக்கித் தள்ள வேண்டும். கிடைத்த இடத்தில் மற்றக் கை கண்குழியையோ வாய் ஓரத்தையோ பிடித்துத் தலையைக் கொண்டுவர வேண்டும். கன்றின் மூக்கு வளைவில் வரும்போது கீழ்ப் பற்கள் கருப்பைச் சுவரைக் கிழிக்கக்கூடும் என்பதால் மூக்கும் வாயும் உள்ளங்கைக்குள் பொதிந்திருக்க வேண்டும். தலைக்குக் கயிறு போடுவதானால் இரண்டு காதுகளுக்கும் பின்னால் சுற்றி வாய்க்குள் கொண்டுவர வேண்டும். கீழ்த்தாடையில் மட்டும் கட்டி பலமாக இழுத்தால் தாடை உடையும்.

தலை நேரானதும் வேலை முடிந்ததென்று நினைத்துவிடக்கூடாது. தலையீற்று மாட்டின் இடுப்புக்கு இந்தக் கன்று பெரிதா என்ற கேள்வி இன்னும் பாக்கி. ஒரு காலுக்கு ஓர் ஆள் என்று, மாடு முக்கும்போது மட்டும், ஒரு காலைச் சற்று முன்னதாக விட்டு இழுத்துப் பார்க்க வேண்டும். தலை இடுப்பு வளையத்துக்குள் நுழைந்து, கால்களின் முதல் மூட்டு யோனி வாயிலிருந்து ஒரு கையகலம் வெளியே வந்துவிட்டால் தோள் தாண்டிவிட்டது, கன்று வரும். அந்த அளவுக்கு வரவில்லையென்றால் இன்னும் இரண்டு பேரைச் சேர்ப்பது தீர்வல்ல. கன்றின் விலாவும் மாட்டின் இடுப்பு நரம்பும்தான் சேதமாகும். படுத்த மாடு எழாமல் போவதற்கு இந்த இழுவை ஒரு முக்கியக் காரணம்.

கையால் திருப்பும் முயற்சிக்கு 20 நிமிடம், மிஞ்சினால் அரை மணி. தலை நெருங்கி வந்துகொண்டிருந்தால் தொடரலாம். தொட்ட இடத்திலேயே நின்றால் நிறுத்த வேண்டும். "இன்னும் கொஞ்சம் பாக்கலாம் சார்" என்று வீட்டார் கேட்பது புரிகிறது. ஆனால் ஒவ்வொரு பத்து நிமிடமும் கருப்பை உலர்ந்து வீங்குகிறது, கைபட்ட இடமெல்லாம் கிருமி ஏறுகிறது. அறுவையைக் கடைசிப் புகலிடமாக வைத்திருப்பதால்தான் அது பலிக்காமல் போகிறது. உயிருள்ள கன்று, கிழியாத கருப்பை, நின்றுகொண்டிருக்கும் மாடு: இந்த மூன்றும் இருக்கும்போது எடுத்தால் தாயும் கன்றும் பிழைக்க நல்ல வாய்ப்புண்டு. கன்று அழுகிய பிறகு எடுத்தால், கருப்பையின் அழுக்குநீர் வயிற்றறைக்குள் சிந்தி மாடும் போய்விடலாம். இறந்த கன்றுக்கு, கருப்பை வாய் நன்றாகத் திறந்து உள்ளே இடமும் இருந்தால், கம்பி ரம்பத்தால் கழுத்தைத் துண்டித்து யோனி வழியாகவே எடுப்பது பெரும்பாலும் நல்லது.

எருமை என்றால் வேறொன்றை முதலில் பார்க்க வேண்டும். நிறைமாத எருமை வயிற்றை உதைத்துக்கொண்டு நிலைகொள்ளாமல் இருந்து, பனிக்குடமும் தெரியாமல், வலி விட்டு விட்டு வந்தால் கருப்பை முறுக்கு என்றே சந்தேகியுங்கள். கையை விட்டால் யோனிச் சுவர் திருகிய மடிப்புகளாகக் குறுகிப் போகும். எருமையில் பெரும்பாலும் வலப்பக்க முறுக்குதான். வலப்புறமாகப் படுக்கவைத்து, மேலே தெரியும் விலா மீது ஏறக்குறைய 10 அடிப் பலகையைச் சாய்த்து, அதில் ஒருவர் நின்று அழுத்த, முறுக்கிய திசையிலேயே, கால்கள் மேலே சுற்றிவரும்படி இடப்புறத்துக்குப் புரட்ட வேண்டும். ஒவ்வொரு புரட்டலுக்குப் பிறகும் உள்ளே கைவிட்டு மடிப்பு தளர்ந்ததா, இறுகியதா என்று பார்க்க வேண்டும். இறுகியிருந்தால் திசை தவறு. மூன்று நான்கு முறை புரட்டியும் அவிழாவிட்டாலோ, அவிழ்ந்தும் கருப்பை வாய் திறக்காவிட்டாலோ அறுவைதான்.

நிற்கும் மாட்டுக்கு இடப்பக்க விலாவில் மரத்துப்போக ஊசி போட்டு, ஏறக்குறைய 35 முதல் 40 சென்டிமீட்டர் திறந்து கன்றை எடுப்பது வழக்கம். அந்தப் பக்கத்தில் பெருவயிறு இருப்பதால் குடல் வெளியே சரியாது. சென்னைக்காரர்களுக்கு வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் சேவையையும் அழைக்கலாம். மாடு தானாக நடந்து வண்டியில் ஏறும் நிலையில் இருக்கும்போதே கிளம்புங்கள். வண்டியில் மணலோ வைக்கோலோ தடிமனாகப் பரப்பி, பனிக்குடம் உடைந்த நேரம், எத்தனை முறை கைவிட்டார்கள், என்ன ஊசி போட்டார்கள் என்பதை எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

கையால் எடுத்த கன்றானாலும், வெளியே வந்ததும் மறுபடி ஒருமுறை உள்ளே கைவிட்டு இன்னொரு கன்று இருக்கிறதா, கருப்பையில் கிழிசல் உண்டா என்று பார்க்க வேண்டும். கொடி 12 மணி நேரத்தில் விழவில்லையென்றால் செங்கல்லோ செருப்போ கட்டித் தொங்கவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அறுவை செய்த மாட்டுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை மருத்துவர் சொன்ன நாள் முழுவதும் போட வேண்டும். மாடு தீனி எடுத்துவிட்டது என்று பாதியில் நிறுத்தக்கூடாது. தையலை 10 முதல் 14 நாளில் பிரிக்கலாம். அதுவரை தினமும் தையலைச் சுற்றி வீக்கம், சீழ், சூடு இருக்கிறதா என்று பாருங்கள், ஈ மொய்க்காமல் மருந்து தடவுங்கள்.