விருப்பச் சார்பா, தெரிவுச் சார்பா?

திட்ட அட்டவணையில் ஒரு வேலை முடிந்த பிறகுதான் அடுத்தது என்று போடும் இணைப்புக்கு ‘டிபென்டன்சி’ என்று பெயர். தவிர்க்கவே முடியாதது ‘மேண்டேட்டரி’, நாமே யோசித்து வைத்துக்கொள்வது ‘டிஸ்கிரிஷனரி’. இந்த ‘டிஸ்கிரிஷனரி டிபென்டன்சி’யை ‘விருப்பச் சார்பு’ என்று யாராவது சொன்னால் வழக்கமாக வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுவேன். போன மாதம் திட்ட அட்டவணை பற்றிய ஒரு வகுப்பில் அது முடியவில்லை. நடத்தியவர் ஒரு வீட்டின் வேலை அட்டவணையைத் திரையில் போட்டு, “இதெல்லாம் விருப்பச் சார்பு, வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், நாள் போதாவிட்டால் எடுத்துவிடலாம்” என்றார். அவர் எடுத்துவிடலாம் என்று காட்டியது, பூச்சு முடிந்த பிறகுதான் தரைக்கு டைல்ஸ் என்ற இணைப்பை.

வேர்ச்சொற்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். டிபென்டன்சி என்பது லத்தீனில் ‘தொங்குதல்’ என்ற பொருளிலிருந்து வந்தது. லத்தீன்காரர்கள் ஒன்றிலிருந்து தொங்குகிறார்கள், நாம் ஒன்றின்மேல் சாய்கிறோம். ‘சார்’ என்றால் சாய், அண்டியிரு. உயிரும் மெய்யும் இல்லாமல் தனித்து நிற்காதது சார்பெழுத்து. ஒரு வேலை முடியாமல் அடுத்தது நிற்காது என்பதற்கு இது நன்றாகவே பொருந்துகிறது. கணக்குப் பாடத்திலும் ‘சார்பு’ உண்டு, அது வேறு பொருள். இடம் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

‘மேண்டேட்டரி’க்குக் கட்டாயம் சரி. இதை ‘இயற்கைச் சார்பு’ என்று எழுதுகிறவர்கள் பாதியை விட்டுவிடுகிறார்கள். அஸ்திவாரம் இல்லாமல் தூண் எழும்பாது, அது வேலையின் இயல்பு. ஆனால் வரைபட அனுமதி இல்லாமல் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டக் கூடாது என்பது சட்டம். மண்வெட்டிக்கு அனுமதி தேவையில்லை, அதுபாட்டுக்குத் தோண்டும். இயல்பு, சட்டம், ஒப்பந்தம் மூன்றும் கட்டாயத்தில் அடக்கம்.

கட்டாயத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு தளம் போட்டபின் முட்டுப் பிரிப்பது. இந்தியத் தரக்குறியீடு IS 456, சாதாரண போர்ட்லண்டு சிமெண்டுக்கு, 4.5 மீட்டர் வரை நீளும் தளத்தின் முட்டுகளை 7 நாளுக்கு முன் எடுக்கக் கூடாது என்கிறது. 6 மீட்டர் வரை நீளும் பீமுக்கு 14 நாள். கூடத்தின் தளம் 4 மீட்டர், அதைத் தாங்கும் பீம் 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 1 அன்று கான்கிரீட் போட்டால் தளத்துக்கு 8ஆம் தேதி, பீமுக்கு 15ஆம் தேதி. இன்று மூட்டைகளில் பெரும்பாலும் வருவது PPC எனப்படும் போர்ட்லண்டு பொசோலானா சிமெண்ட், அது மெதுவாக இறுகும் என்பதால் பொறியாளர் இன்னும் கொஞ்சம் கூட்டச் சொல்லலாம். எப்படியும் 15ஆம் தேதிக்கு முன் கூடத்தில் சாரம் கட்ட முடியாது. இதை மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் என்ற திட்ட மென்பொருளில் போடும்போது `4FS+14ed` என்று எழுத வேண்டும். 4 என்பது கான்கிரீட் போடும் வேலையின் வரிசை எண், FS என்றால் அது முடிந்தபின் இது தொடங்கும், 14ed என்றால் விடுமுறையும் சேர்த்து எண்ணிய 14 நாள். அந்த `ed`யை விட்டு `14d` என்று போட்டால் மென்பொருள் விடுமுறைகளைக் கழித்துவிட்டு வேலை நாளை மட்டும் எண்ணும். கான்கிரீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

இப்போது தகராறுக்கு வருவோம். ‘டிஸ்கிரிஷன்’ என்பதன் லத்தீன் வேருக்கு, பிரித்தறிதல் என்று பொருள். ஆசையோ விருப்பமோ அதில் இல்லை. தமிழில் ‘விருப்பப் பாடம்’ என்றால் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நஷ்டமில்லாத பாடம். அந்தக் காதோடு ‘விருப்பச் சார்பு’ என்று கேட்கிறவன், இல்லாவிட்டாலும் குடிமுழுகாது என்றுதான் நினைப்பான். சட்டத் தமிழில் நீதிபதியின் ‘விருப்புரிமை’ என்று ஒரு வழக்கு இருக்கிறது, அதைக் காட்டி என்னை மடக்குவார்கள். நீதிபதியும் தன் விருப்பப்படியா தீர்ப்பெழுதுகிறார்? சீர்தூக்கிப் பார்த்து எழுதுகிறார். அந்தச் சொல்லும் அதே தவறுதான், கொஞ்சம் மூத்த தவறு.

பூச்சுக்குப் பின் டைல்ஸ் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். டைல்ஸை முதலில் போட எந்தச் சட்டமும் தடுக்கவில்லை, பௌதிகமும் தடுக்கவில்லை. ஆகவே அது கட்டாயம் இல்லை. ஆனால் மேற்கூரை, சுவர், அப்புறம் தரை என்று மேலிருந்து கீழே வருவதற்குக் காரணம் இருக்கிறது. பூசும்போது கலவை கொட்டும், சாரத்தின் கால் தரையில் ஊன்றும். நான் பார்த்த ஒரு வீட்டில் கிரகப்பிரவேச நாள் நெருங்கிவிட்டது என்று இந்த இணைப்பை வெட்டிவிட்டார்கள். வழவழப்பான வெள்ளை டைல்ஸ்மேல் சாக்கை விரித்துச் சுவர் பூசினார்கள். சாக்கு நனைந்து சிமெண்ட் பால் இறங்கி, இடுக்குகள் எல்லாம் சாம்பல் நிறமாயின. கதவோரம் சாரக்கால் இழுத்த கீறல் வேறு. மிச்சம் பிடித்தது ஆறு நாள், அமிலம் போட்டுக் கழுவவும் ஏழெட்டு டைல்ஸை மாற்றவும் போனது ஒன்பது நாள்.

நாளைச் சுருக்க வேண்டிவந்தால் முதலில் கைவைக்க வேண்டியது இந்த வகை இணைப்பில்தான் என்பது உண்மை. ஆனால் ஏன் வைத்தோம் என்று பார்த்துவிட்டுக் கைவைக்க வேண்டும். அதனால்தான் இவற்றுக்குப் பக்கத்தில் காரணத்தையும் எழுதிவைப்பது வழக்கம். ‘விருப்பம்’ என்று பெயர் வைத்துவிட்டால் காரணத்தை யார் தேடுவார்கள்?

நான் ‘தெரிவுச் சார்பு’ என்பேன். ‘தெரி’ என்ற வேரில் ஆராய்தலும் இருக்கிறது, தேர்ந்தெடுத்தலும் இருக்கிறது. ‘தெரிந்து தெளிதல்’ என்று குறளில் ஓர் அதிகாரமே உண்டு. இலங்கைத் தமிழர் ‘தெரிவு’ என்பதை அன்றாடம் புழங்குகிறார்கள். ‘தேர்வு’ வேண்டாம், இங்கே அது பரீட்சையாகிவிட்டது.

இணைப்புகளை ‘இன்டர்னல்’, ‘எக்ஸ்டர்னல்’ என்றும் பிரிப்பார்கள். அவற்றுக்குச் சொல்லும் உட்சார்பு, வெளிச்சார்பு என்ற சொற்களில் எனக்குக் குறையில்லை, பொருள் சொல்கிறவர்களிடம்தான் குறை. மனைக்கு உள்ளே நடந்தால் உள், வெளியே நடந்தால் வெளி என்கிறார்கள். மரம் வாங்கிக் கொடுத்து, கூலி பேசி, நம் அட்டவணையிலேயே எழுதிய நிலைக்கதவு வேலையை ஆசாரி தன் பட்டறையில் செய்தாலும் அது உட்சார்பு. மின்வாரியத்து ஆள் நம் வாசலிலேயே கம்பத்தில் ஏறினாலும் அது வெளிச்சார்பு, ஏனென்றால் அவர் எப்போது வருவார் என்பது நம் கையில் இல்லை.

இன்னொன்று, இவை வரிசையாக நிற்கும் நான்கு வகைகள் அல்ல. இரண்டு கேள்விகள்: கட்டாயமா தெரிவா, உள்ளா வெளியா? ஒவ்வோர் இணைப்புக்கும் இரண்டுக்கும் பதில் உண்டு. வரைபட அனுமதி, கட்டாயமும் வெளியும். தெருவில் புதுச்சாலை போடப்போகிறார்கள் என்று தெரிந்து, அதன் மட்டம் பார்த்துவிட்டு வாசல் கேட்டை வைப்போம் என்று காத்திருந்தால் அது தெரிவும் வெளியும். காத்திருக்காமலும் வைக்கலாம், பிறகு மழைநீர் உள்ளே வரும்.

வகுப்பு முடிந்து ஒருவர் கேட்டார்: “ஆடியில் நிலை வைக்கக் கூடாது என்கிறார்களே, அது எந்தச் சார்பு?” தெரிவுதான், சந்தேகமே இல்லை. என் வீடு கட்டியபோது அம்மாவிடம் அப்படிச் சொல்லிப் பார்த்தேன். அன்று சாயங்காலமே அட்டவணையில் கட்டாயம் என்று மாற்றிவிட்டேன்.