மெசேஜின் கடைசியில் வரும் கேள்விக்குறி எழுத்துருக் கோளாறு இல்லை

தமிழில் வந்த குறுஞ்செய்தி முழுக்க நன்றாக இருந்து, கடைசி எழுத்து மட்டும் கேள்விக்குறியாகவோ வெறும் கட்டமாகவோ தெரிந்தால், பெரும்பாலானவர்கள் "பழைய போன், தமிழ் எழுத்து இல்லை போல" என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். கும்பகோணம் பக்கம் அரிசி ஆலைகளுக்கும் உரக்கடைகளுக்கும் உழவர் குழுக்களுக்கும் மென்பொருள் எழுதித் தருவது என் வேலை, அதனால் இந்தப் பதிலை அடிக்கடி கேட்கிறேன். போனில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் முதல் எழுத்திலிருந்தே கட்டம் கட்டமாகத்தான் வரும். வால் மட்டும் கெட்டிருந்தால் அது வேறு சங்கதி. அந்தச் செய்தி உங்கள் போனுக்கு வருவதற்கு முன்பே எங்கேயோ வெட்டுப்பட்டிருக்கிறது. கேள்விக்குறி இருக்கும் இடத்தில் ஓர் எழுத்துதான் போயிற்று என்று நினைக்காதீர்கள், அதற்குப் பின்னால் இருந்தது எல்லாமே போயிருக்கும்.

தமிழில் இது ஏன் ஆபத்து என்றால், வேண்டும், வேண்டாம், உண்டு, இல்லை எல்லாம் நாம் வாக்கியத்தின் கடைசியில்தான் வைக்கிறோம்.

ஓர் உழவர் குழுவில் நடந்தது இது. குறுவை அறுவடை நேரம், மழை பிடித்துக்கொண்டது. நெல்லை நனைய விடக்கூடாது, ஈரப்பதம் ஏறினால் கொள்முதலில் எடுக்க மாட்டார்கள். அதனால் குழு அலுவலகத்திலிருந்து எல்லா உறுப்பினருக்கும், அவரவர் பெயர் போட்டு ஒரு செய்தி அனுப்பினார்கள்:

"ராமசாமி, மழை காரணமாக நாளை நெல் மூட்டை கொண்டு வர வேண்டாம்."

சிம் போட்ட ஒரு மோடத்தைக் கணினியில் செருகி, ஒரு சின்ன நிரல் மூலமாக அனுப்பும் ஏற்பாடு. பெரும்பாலானவர்களுக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது. சிலருக்கு "வர வேண்?" என்று போயிருக்கிறது. இன்னும் சிலருக்கு "வர வேண்ட" என்றே நின்றுவிட்டது, கேள்விக்குறிகூட இல்லை. அதைப் படித்தவர் வேண்டும் என்றுதான் முடித்துக்கொண்டார், மறுநாள் காலையில் டிராக்டரில் மூட்டையோடு வந்து நின்றார். "வரச் சொல்லித்தானேப்பா போட்டிருக்கீங்க" என்று அவர் கேட்டதில் தப்பே இல்லை.

நிரலைத் திறந்து பார்த்தால் காரணம் ஒரே வரியில் இருந்தது:

```php
$sms = substr($sms, 0, 160);
```

ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து என்று எங்கோ படித்து, அதற்கு மேல் போகாமல் இருக்கட்டும் என்று யாரோ நல்ல எண்ணத்தில்தான் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அந்த 160 ஆங்கிலத்துக்கான கணக்கு. தமிழ் எழுத்து ஒன்று கலந்தாலும் செய்தி வேறு குறியாக்கத்துக்கு மாறி, ஓர் எஸ்எம்எஸ்ஸில் 70 குறிகள்தான் போகும். அதைவிட மோசம், இந்த substr எண்ணுவது எழுத்தையே இல்லை, பைட்டை. கணினி எழுத்தைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் வேண்டும். இடைவெளிக்கும் புள்ளிக்கும் காற்புள்ளிக்கும் 1 பைட் போதும். "வேண்டாம்" நம் கண்ணுக்கு நாலு எழுத்துதான். கணினிக்கு வ, ஏகாரக் குறி, ண, புள்ளி, ட, கால், ம, மறுபடி புள்ளி என்று எட்டுக் குறி, ஆக 24 பைட்.

அந்தச் செய்தியில் பெயரைத் தவிர மற்ற எல்லாம் சேர்த்து 130 பைட். ஆகப் பெயருக்கு மிச்சம் 30. ராமசாமிக்கு 21 பைட் ஆகிறது, மொத்தம் 151, அவருக்கு முழுசாகப் போய்விட்டது. பெயர் நீளமாக இருந்தவர்களுக்குத்தான் வெட்டு விழுந்தது. சோதித்துப் பார்த்தவர்கள் தங்கள் பெயரைப் போட்டுப் பார்த்துத் திருப்தியாகியிருப்பார்கள், சின்னப் பெயரில் இது தெரியவே தெரியாது.

இப்போது ஒரே பெயரை இரண்டு விதமாகப் போட்டுப் பாருங்கள். பதிவேட்டில் "வ. கோவிந்தராஜன்" என்று தலைப்பெழுத்துக்குப் பின் புள்ளி வைத்திருந்தால் பெயர் 41 பைட், மொத்தம் 171. கடைசி 11 பைட் போக வேண்டும். முற்றுப்புள்ளி, மெய்ப்புள்ளி, ம, கால் என்று 10 பைட் போன பிறகு, ட என்ற எழுத்தில் இருந்து ஒரு பைட்டை மட்டும் கத்தி கடித்துக்கொண்டு போகிறது. ட என்பது E0 AE 9F. மிஞ்சுவது E0 AE. இந்த இரண்டு பைட்டை வைத்து எந்த எழுத்தும் வராது, அதனால் அடுத்து வரும் நிரல் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியைப் போடுகிறது. சில நிரல்கள் அதற்கென்றே உள்ள � குறியைப் போடும், பட்டன் போனில் அந்தக் குறிக்கு உருவம் இல்லாவிட்டால் அதுவே காலிக் கட்டமாகத் தெரியும். ஆக ஒரே வெட்டு ஒரு போனில் கேள்விக்குறி, இன்னொன்றில் கட்டம்.

அதே பெயரைப் புள்ளி இல்லாமல் "வ கோவிந்தராஜன்" என்று ஏற்றியிருந்தால் 40 பைட், மொத்தம் 170. சரியாக 10 பைட் போய், ட முழுசாக நின்றுவிடுகிறது. "வர வேண்ட". கேள்விக்குறி இல்லை, கட்டம் இல்லை, எந்த அடையாளமும் இல்லை. மூட்டையோடு வந்தவருக்குப் போனது இந்த வகைதான். கேள்விக்குறி வந்தவர்களாவது சந்தேகப்பட்டு அலுவலகத்துக்குப் போன் போட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன், பத்துப் பேர் கேள்விக்குறி வந்ததாகப் புகார் சொன்னால், சத்தமில்லாமல் வெட்டுப்பட்ட இன்னும் சிலர் பட்டியலில் இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு தேடுங்கள்.

இதைச் சரிசெய்யக் கூப்பிட்டால் பலரும் substr இடத்தில் mb_strcut போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அது எழுத்தின் நடுவில் வெட்டாது, உண்மைதான், கேள்விக்குறி மறைந்துவிடும். ஆனால் வெட்டு அப்படியே இருக்கிறது, அடையாளம் மட்டும்தான் போயிற்று. முன்னைவிட இது மோசம் என்பேன். வெட்டும் வரியையே எடுத்துவிடுங்கள். நீளம் பார்க்க வேண்டுமானால் இப்படிப் பாருங்கள், மீறினால் அனுப்பாமல் நிறுத்திச் சொல்லட்டும்:

```php
if (mb_strlen($sms, 'UTF-8') > 70) {
    throw new Exception('செய்தி நீளம்');
}
```

பெரும்பாலான இமோஜி ஒன்றுக்கு இரண்டு இடமாவது பிடிக்கும், mb_strlen அதைக் குறைத்து எண்ணிவிடும், ஆனால் தமிழுக்கு இந்தக் கணக்கு சரியாக வரும். 70ஐத் தாண்டித்தான் ஆக வேண்டும் என்றால் செய்தியைப் பகுதிகளாகப் பிரித்து அனுப்பலாம். பகுதிகளைச் சேர்க்கும் தகவலுக்கும் இடம் வேண்டும் என்பதால் அப்போது ஒரு பகுதிக்கு 67தான் கிடைக்கும். அந்தக் குழுவின் செய்தியில் கோவிந்தராஜன் பெயரையும் புள்ளியையும் சேர்த்தே 65 குறிதான். வெட்டாமல் விட்டிருந்தால் ஒரே எஸ்எம்எஸ்ஸில் முழுசாகப் போயிருக்கும்.

நிரல் உங்கள் கையில் இல்லை, செய்தி மட்டும்தான் வருகிறது என்றால் பைட் வெட்டுதானா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. செய்தி வெட்டுப்படும் நீளத்துக்கு இருக்க வேண்டும். முன்னால் ஒரு புள்ளி சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள், அப்புறம் இரண்டு, அப்புறம் மூன்று. வெட்டு தமிழ்ச் சொல்லுக்குள் விழும்வரை, மூன்றில் இரண்டு தடவை வால் கெட்டும் ஒரு தடவை சுத்தமாகவும் வரும். புள்ளி சேர்க்கச் சேர்க்க இப்படி மாறி மாறி வந்தால் எங்கோ பைட் கணக்கில் வெட்டுகிறார்கள். வெட்டும் இடம் நிரலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, ஆரக்கிள் தரவுத்தளத்தில் VARCHAR2(160) என்று எழுதினால் அதுவும் வழக்கமாகப் பைட்தான், அதில் ஏற்றுவதற்காக முன்கூட்டியே வெட்டி வைத்திருப்பார்கள்.

அந்தக் குழுவில் வாசகத்தையும் மாற்றச் சொன்னேன். இப்போது "நாளை வர வேண்டாம். மழை." என்று முதலில் போகிறது, பெயர் அதற்குப் பிறகு, கடைசியில் கட்டாயம் ஒரு முற்றுப்புள்ளி. புள்ளி இல்லாமல் நின்ற செய்தி வந்தால் நம்பாமல் அலுவலகத்துக்கு ஒரு போன் போடும்படி உறுப்பினர்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.