கேட்டுக்கு எட்டாத சிலிக்கான்

குஜராத்தின் தோலேராவில் டாடா நிறுவனம் தைவானின் பிஎஸ்எம்சியோடு சேர்ந்து அமைக்கும் சிப் ஆலையைப் பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "அங்கே 28 நானோமீட்டர் வரைதான் என்கிறார்கள். அதற்குக் கீழே போனால் டிரான்சிஸ்டரின் வடிவமே மாறிவிடும், ஃபின் என்று ஒன்று வரும் என்றும் படித்தேன். சின்னதாக்குவது என்றால் அதே அமைப்பைக் குறுக்கிச் செய்வதுதானே, வடிவம் எதற்கு மாற வேண்டும்?"

நாற்பது வருடம் போல அப்படிக் குறுக்கித்தான் செய்தார்கள். அந்த வழி ஓர் இடத்தில் நின்றுபோனது. ஏன் நின்றது என்பதைத்தான் நிதானமாகப் பார்க்கப் போகிறோம்.

அடிப்படையைப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள், அதனால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சிப்பில் இருக்கும் டிரான்சிஸ்டர் வகைக்கு மாஸ்ஃபெட் என்று பெயர். அதில் எலக்ட்ரான் புறப்படும் இடம் சோர்ஸ், போய்ச் சேரும் இடம் டிரெயின், நடுவில் இருக்கும் சிலிக்கான் பாதை சேனல். சேனலின் மேல் மெல்லிய ஆக்சைடு, அதன் மேல் கேட். கேட்டில் வோல்டேஜ் கொடுத்தால் மின்சாரம் ஓடும், எடுத்துவிட்டால் நிற்கும். ஆனால் அந்த 'நிற்கும்' என்பது முழு உண்மை இல்லை.

சோர்ஸுக்கும் சேனலுக்கும் நடுவே எலக்ட்ரானுக்கு ஓர் ஆற்றல் தடுப்பு இருக்கிறது. கேட் செய்வதெல்லாம் அந்தத் தடுப்பை ஏற்றி இறக்குவதுதான். கேட் வோல்டேஜ் பூஜ்யமாக இருக்கும்போது தடுப்பு உயரமாக நிற்கும், ஆனாலும் அறை வெப்பத்தில் எல்லா எலக்ட்ரானுக்கும் ஒரே ஆற்றல் கிடையாது, கூட்டத்தில் சிலதுக்கு மட்டும் நிறைய இருக்கும், அதுகள் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். தடுப்பை எவ்வளவு உயர்த்தினால் எவ்வளவு குறையும் என்பதற்கு இயற்கை ஒரு கணக்கு வைத்திருக்கிறது: 60 மில்லிவோல்ட் உயர்த்தினால் கசிவு பத்தில் ஒரு பங்காகும். கேட் கொடுக்கும் வோல்டேஜ் முழுதும் தடுப்புக்குப் போய்ச் சேர்ந்தால்தான் இந்த 60. பாதி வழியில் வீணானால் அதே பத்து மடங்கு குறைவுக்கு 80, 100 மில்லிவோல்ட் என்று செலவழிக்க வேண்டியிருக்கும். சாதாரண மாஸ்ஃபெட்டை எவ்வளவு திறமையாகக் கட்டினாலும் அறை வெப்பத்தில் 60-க்குக் கீழே இறக்க முடியாது.

சரி, சேனல் நீளமாக இருந்த காலத்தில் இது பெரிய தொல்லை இல்லை. தடுப்பை ஓர் ஏரிக்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். சோர்ஸ் பக்கம் தண்ணீர், டிரெயின் பக்கம் பள்ளம். கரை அகலமாக இருந்தால் பள்ளத்தின் பக்கம் எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் கரையின் உச்சிக்கு ஒன்றும் ஆகாது. அதே கரை ஓர் ஆள் நடக்கும் வரப்பு அளவுக்குக் குறுகியிருந்தால், அந்தப் பக்கச் சரிவைத் தோண்டத் தோண்ட இந்தப் பக்க உச்சியும் சேர்ந்து சரியும். டிரெயினில் கொடுக்கும் வோல்டேஜ்தான் அந்தத் தோண்டல். கேட்டைத் தொடவே இல்லை, ஆனாலும் தடுப்பு தாழ்ந்துவிடுகிறது. இதைத் துறையில் டிபிள் என்று அழைக்கிறார்கள், டிரெயினால் தடுப்பு தாழ்தல் என்று பொருள். குறுகிய சேனலின் விளைவுகள் என்று நான்கைந்தைப் பட்டியல் போடுவார்கள். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் ஃபின்னின் கதை முழுதும் புரிந்துவிடும்.

இதை அளப்பது எளிது. டிரெயினில் 0.05 வோல்ட் வைத்து, கேட் வோல்டேஜை மெல்ல ஏற்றிக்கொண்டே மின்னோட்டத்தை அளந்து, மடக்கை அளவுகோலில் ஒரு கோடு வரைகிறார்கள். அப்புறம் டிரெயினில் 1 வோல்ட் வைத்து அதையே திரும்பச் செய்கிறார்கள். நீளமான சேனல் என்றால் டிரான்சிஸ்டர் அணைந்திருக்கும் பகுதியில் இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று விழும். குறுகிய சேனல் என்றால் இரண்டாவது கோடு இடப்பக்கம் நகர்ந்திருக்கும், அந்த நகர்வுதான் டிபிள். கோட்டின் சரிவைப் பார்த்தால் பத்து மடங்குக்கு எத்தனை மில்லிவோல்ட் செலவாகிறது என்பதும் தெரிந்துவிடும். இரண்டே கோடுகள், டிரான்சிஸ்டரின் உடல்நிலை முழுதும் அதில் இருக்கிறது.

இப்போது என்னை எப்போதும் மயக்குகிற இடத்துக்கு வருகிறேன். தடுப்பு சரிந்து எலக்ட்ரான் கசிகிறது என்றால், அது சிலிக்கானில் எந்த வழியாகக் கசிகிறது? கேட்டுக்கு ஒட்டிய மேற்பரப்பில்தான் என்று நினைக்கத் தோன்றும், பாதை அங்கேதானே இருக்கிறது. ஆனால் மோசமான கசிவு அங்கே நடப்பதில்லை. மேற்பரப்பில் ஒன்றிரண்டு நானோமீட்டர் தூரத்திலேயே கேட் உட்கார்ந்திருக்கிறது, அதன் பிடி அங்கே இறுக்கம். பத்து, இருபது நானோமீட்டர் கீழே போனால் கேட் தூரமாகிவிடுகிறது, டிரெயினோ பக்கவாட்டில் அதே ஆழத்தில் கிட்டத்தில் நிற்கிறது. அங்கே இருக்கும் சிலிக்கானுக்கு யார் சொல்வது கேட்கும்? டிரெயின் சொல்வதுதான். மேலே வேலை செய்யும் பாதையைக் கேட் ஒழுங்காக மூடிவிடுகிறது, வேலைக்கே வராத அடிச் சிலிக்கான் வழியாகத்தான் கசிவு நடக்கிறது.

முதலில் இதைச் சமாளிக்க இரண்டு வழிகளில் போனார்கள். ஆக்சைடை இன்னும் மெல்லியதாக்கிக் கேட்டின் பிடியை ஆழத்துக்குக் கொண்டுபோவது ஒன்று. அது 1.2 நானோமீட்டர் வரை வந்தது, அவ்வளவு மெல்லிய ஆக்சைடை எலக்ட்ரான் குவாண்டம் முறையில் ஊடுருவிப் போய்விடும், ஆகவே கேட்டே கசிய ஆரம்பித்தது. 2007-இல் இன்டெல் 45 நானோமீட்டர் தலைமுறையில் ஹாஃப்னியம் சேர்ந்த ஆக்சைடுக்கு மாறியது இதனால்தான். இன்னொரு வழி, சேனலில் போரான் போன்ற மாசு அணுக்களை அதிகமாகச் செலுத்தி டிரெயினின் செல்வாக்கு பரவாமல் தடுப்பது. ஆனால் மாசு கூடக் கூட எலக்ட்ரான் அதில் மோதி வேகம் இழக்கும். அதைவிடக் கொடுமை, அவ்வளவு சின்னச் சேனலுக்குள் விழும் மாசு அணுக்கள் சில பத்துகள்தான், ஒன்றில் 40 விழுந்து பக்கத்தில் இருப்பதில் 50 விழுந்தால் இரண்டும் வெவ்வேறு வோல்டேஜில் திறக்கும். கோடிக்கணக்கில் ஒரே மாதிரி இருக்க வேண்டிய டிரான்சிஸ்டர்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகிவிட்டால் மெமரிப் பகுதிதான் முதலில் தகராறு செய்யும்.

அப்போதுதான் கேள்வியைத் திருப்பிக் கேட்டார்கள். கேட்டுக்கு எட்டாத சிலிக்கானைக் கட்டுப்படுத்தப் பாடுபடுவதைவிட, அதை இல்லாமலே செய்துவிட்டால் என்ன? சேனலை ஒரு மெல்லிய தகடாக நிறுத்தி வைத்து, இரண்டு பக்கமும் மேலேயும் கேட்டைப் போர்த்திவிட்டால், எந்தப் புள்ளியும் ஏதாவது ஒரு கேட்டிலிருந்து தகட்டின் பாதி அகலத்துக்கு மேல் தள்ளி இருக்காது. நிமிர்ந்து நிற்கும் அந்தத் தகடுதான் மீனின் துடுப்பு போல இருப்பதால் ஃபின்.

எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. டிரெயினின் செல்வாக்கு சேனலுக்குள் எவ்வளவு தூரம் நுழையும் என்பதைக் குறிக்கும் நீளம், சிலிக்கானின் தடிமனையும் ஆக்சைடின் தடிமனையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வருவதை ஒட்டியே அமையும். இன்டெல்லின் 22 நானோமீட்டர் தலைமுறையில் ஃபின்னின் அகலம் சுமார் 8 நானோமீட்டர். இரண்டு பக்கமும் கேட் இருப்பதையும், சிலிக்கானின் மின்காப்பு மாறிலி ஆக்சைடினுடையதைப் போல மூன்று மடங்கு என்பதையும், ஆக்சைடு ஏறக்குறைய 1 நானோமீட்டருக்குச் சமம் என்பதையும் வைத்துப் போட்டால் மூன்றரை நானோமீட்டர் கிடைக்கும். 22 என்பது தலைமுறையின் பெயர் மட்டுமே, கேட்டின் நீளம் 30-ஐ ஒட்டி இருந்தது, அதாவது எட்டு மடங்குக்கு மேல். கரை மறுபடி அகலமாகிவிட்டது.

பலன் என்ன என்று ஒரு தோராயக் கணக்காகப் பார்ப்போம். இரண்டு டிரான்சிஸ்டர்கள், இரண்டும் 0.4 வோல்ட்டில் திறப்பவை, திறக்கும் தருணத்தில் ஓடுவது 0.1 மைக்ரோஆம்பியர். பழைய தட்டையான வகையில் டிரெயினின் 1 வோல்ட் தடுப்பை 150 மில்லிவோல்ட் தாழ்த்துகிறது, பத்து மடங்கு குறைவுக்கு 100 மில்லிவோல்ட் செலவாகிறது என்று வையுங்கள். மிஞ்சுவது 250 மில்லிவோல்ட், அதாவது இரண்டரைத் தடவை பத்தால் வகுபடும், அணைந்திருக்கும்போது கசிவு முன்னூறில் ஒரு பங்கு. ஃபின்னில் தாழ்வது 50, செலவு 70. மிஞ்சும் 350-ஐ 70-ஆல் வகுத்தால் ஐந்து, கசிவு லட்சத்தில் ஒரு பங்கு. நூறு கோடி டிரான்சிஸ்டர்கள் சேர்ந்தால் முதல் வகையில் சும்மா இருக்கும்போதே 0.3 ஆம்பியர் போகும், இரண்டாவதில் 1 மில்லிஆம்பியர்.

நிஜத்தில் பொறியாளர்கள் இந்த லாபம் முழுவதையும் கசிவைக் குறைக்கவே வைத்துக்கொள்வதில்லை. திறக்கும் வோல்டேஜை இறக்கி, அதனால் சிப்பின் வோல்டேஜையும் இறக்கி, கசிவை ஏற்கத்தக்க அளவில் நிறுத்துவார்கள். 2011-இல் இன்டெல் இந்த அமைப்பை அறிவித்தபோது, தன் முந்தைய 32 நானோமீட்டர் தலைமுறையைவிடக் குறைந்த வோல்டேஜில் 37 சதவீதம் வரை வேகம் கூடும் என்றது. போனும் லேப்டாப்பும் இயங்க விரும்புவதும் அந்த வோல்டேஜில்தான். கூடவே இன்னொன்றும் கிடைத்தது: ஃபின்னில் மாசு அணுக்கள் அதிகம் தேவைப்படவில்லை, வடிவமே காவல் காக்கிறது. ஃபின்னின் அடிப்பாகம் மட்டும் விதிவிலக்கு. கேட் போர்த்தாத அந்த வேர்ப்பகுதி வழியாகக் கசியாமல் இருக்க அங்கே இன்னமும் மாசு செலுத்துகிறார்கள்.

இந்த எண்ணம் ஒரே நாளில் வந்ததல்ல. ஜப்பானின் ஹிட்டாச்சியில் ஹிசமோட்டோவும் சகாக்களும் 1989-லேயே நிமிர்ந்து நிற்கும் சேனலைச் செய்து காட்டினார்கள். 1990-களின் பிற்பாதியில் அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான டார்பா, 25 நானோமீட்டருக்கும் கீழே டிரான்சிஸ்டர் வேலை செய்யுமா என்று பார்க்கப் பணம் கொடுத்தது. ஆலைகள் அப்போது 250 நானோமீட்டருக்கே தயாராகிக்கொண்டிருந்தன. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சென்மிங் ஹூ குழு அந்தப் பணத்தில் ஃபின்ஃபெட்டை உருவாக்கியது, ஹிசமோட்டோவும் அங்கே வந்து சேர்ந்துகொண்டார். கடைக்கு வந்தது 2012-இல். அதாவது பணம் கொடுத்தவர்கள் பலன் பார்க்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. மூன்று வருடத் திட்டத்தின் முடிவில் 'என்ன பொருள் தயாரித்தீர்கள்' என்று கேட்கும் நிதி முறையில் இப்படி ஒரு வேலை நடக்கவே நடக்காது. இந்திய அரசு 2006-இல் பெங்களூரு ஐஐஎஸ்சியிலும் மும்பை ஐஐடியிலும் நானோ எலக்ட்ரானிக்ஸ் மையங்கள் தொடங்க நிதி தந்தது நல்ல காரியம். ஆலை கட்டக் கொடுக்கும் மானியத்தில் ஒரு சிறு பங்கையாவது, உடனே பலன் கேட்காமல், இத்தகைய ஆய்வகங்களுக்குத் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஃபின்னுக்கும் எல்லை உண்டு. 22 நானோமீட்டர் தலைமுறையில் ஒரு ஃபின்னின் உயரம் 34 நானோமீட்டர், இரண்டு பக்கமும் மேற்பரப்பும் சேர்த்தால் 76 நானோமீட்டர் அகலச் சேனல், அதுவும் 60 நானோமீட்டர் இடத்துக்குள். தட்டையான வகையில் இது முடியாது. ஆனால் ஒன்றரை ஃபின் என்று ஒன்று கிடையாது, ஒன்று, இரண்டு, மூன்று என்று முழு எண்ணில்தான் அகலத்தைக் கூட்ட முடியும், சர்க்யூட் வடிவமைப்பவர்களுக்கு, அதிலும் அனலாக் பக்கம் வேலை செய்பவர்களுக்கு, இது ஒரு நிரந்தரச் சங்கடம். கேட் இன்னும் குறுகும்போது ஃபின்னும் மெலிய வேண்டும். 5 நானோமீட்டரை நெருங்கினால் அகலத்தில் ஓரிரு அணு அடுக்கு கூடக் குறைய இருந்தாலே டிரான்சிஸ்டரின் குணம் மாறுகிறது, எலக்ட்ரானின் ஓட்டமும் தடுமாறுகிறது.

ஆகவே 2022-இல் சாம்சங் தன் 3 நானோமீட்டர் தலைமுறையில் அந்தத் தகட்டைப் படுக்க வைத்து, பல அடுக்குகளாக ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்து, ஒவ்வொன்றையும் நான்கு பக்கமும் கேட்டால் சுற்றிவிட்டது. இந்த நானோஷீட்டில் தகட்டின் எந்தப் பக்கமும் கேட்டின் பிடிக்கு வெளியே இல்லை, தகட்டின் அகலத்தையும் வேண்டிய அளவுக்கு வைத்துக்கொள்ளலாம்.