போகிப் புகை: காலையில் இருமல், இரவில் மூச்சுத்திணறல்

போகியன்று காலையில் நெஞ்சக நோய்ப் பிரிவு கூட்டமாக இருக்கும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். சென்னையில் நுரையீரல் மருத்துவராக நான் பார்ப்பது வேறு. காலையில் வருகிறவர்கள் குறைவு. அன்று இரவும் மறுநாள் பொங்கலன்றும்தான் அவசரப் பிரிவில் நெபுலைசர்கள் ஓய்வில்லாமல் ஓடும். விடிகாலையில் மூச்சுக்குள் போன புகை ஏன் இரவில் ஆளைத் தூக்கிக்கொண்டு வரச் செய்கிறது என்பது ஆஸ்துமா உள்ள வீடுகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில், அந்தப் புகை ஏன் கலையாமல் நிற்கிறது? மார்கழிக் கடைசியில் இரவு முழுவதும் தரை குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. அதற்கு மேலே இருக்கும் காற்று சற்று வெதுவெதுப்பாக இருப்பதால், கீழே உள்ள கனமான காற்று மேலே எழ முடியாமல் மூடி போட்ட பாத்திரத்துக்குள் இருப்பதுபோல் அடைபட்டுக் கிடக்கிறது. காற்றோட்டமும் அந்த நேரத்தில் மிகக் குறைவு. நாம் கொளுத்துவது சரியாக அந்த நாலு மணி, ஐந்து மணிக்கு. வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் புகை மேலே கிளம்பும். 2018 ஜனவரி 13 அன்று சென்னை விமான நிலையத்தில் ஓடுதளம் கண்ணுக்குத் தெரியாமல் விமானங்கள் தாமதமாயின. சில வேறு நகரங்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. அதே நெருப்பை மதியம் மூட்டியிருந்தால் இவ்வளவு தேங்கியிருக்காது.

எரிவது என்ன என்பதும் மாறிவிட்டது. கிழிந்த கோரைப்பாய், தேய்ந்த துடைப்பம், ஓட்டை முறம் இவையெல்லாம் எரிந்தாலும் புகைதான், கெடுதல்தான். ஆனால் இன்றைய வீட்டுக் குப்பையில் பஞ்சுக்குப் பதில் ஃபோம், தோலுக்குப் பதில் ரெக்சின், பருத்திக்குப் பதில் பாலியஸ்டர். ரெக்சினும் ஒயர் உறையும் பெரும்பாலும் பி.வி.சி.; எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். அது மூச்சுக்குழாயின் ஈரத்தில் கரைந்து அமிலமாகிறது. மெத்தை ஃபோம் எரிந்தால் சயனைடு வாயுகூட வெளிவரும். டயர் கந்தகப் புகையும் கரியும் கக்கும். டயருக்கும் போகிக்கும் என்ன உறவு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நம் பாட்டிமார் வீட்டில் டயரே கிடையாது.

ஒரு நோயாளியின் கதையைச் சொல்கிறேன். நாற்பதைத் தாண்டிய பெண். பல வருட ஆஸ்துமா. தினசரி எடுக்க வேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலரை, ‘இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று கார்த்திகையிலேயே நிறுத்திவிட்டார். போகியன்று விடிகாலை வாசல் தெளித்துக் கோலம் போட உட்கார்ந்திருக்கிறார். எதிர்வீட்டில் பழைய சோபாவின் மெத்தையைக் கொளுத்தியிருந்தார்கள். கோலத்தை முடிக்காமல் எழ மனமில்லை. அரைமணி நேரம் அங்கேயே இருந்தார். இருமல் வந்தது. உடனடி நிவாரண இன்ஹேலரை, அதாவது சால்பியூட்டமாலை, இரண்டு முறை இழுத்தார். எட்டு மணிக்குள் சரியாகிவிட்டது. ‘போய்விட்டது’ என்று வீட்டு வேலையில் இறங்கிவிட்டார்.

போகவில்லை. புகை பட்டதும் மூச்சுக்குழாயைச் சுற்றிய தசை இறுகுகிறது. சால்பியூட்டமால் அந்த இறுக்கத்தைத் தளர்த்தும். ஆனால் உட்சுவரில் அழற்சி ஏற்பட்டு, வீங்கி, சளி சுரக்கப் பல மணி நேரமாகும். அந்த வீக்கத்துக்குச் சால்பியூட்டமால் மருந்தே அல்ல. மதியம் மூன்று மணிக்கு அவருக்கு நெஞ்சு இறுகியது. மறுபடி இழுத்தார், ஒரு மணி நேரம்தான் தாங்கியது. அடுத்த முறை அதைவிடக் குறைவு. நிவாரண இன்ஹேலர் நான்கு மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை என்றால், அதுவே ஆபத்தின் முதல் அடையாளம். அவர் வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்திருக்கிறார்கள், 96 காட்டியது, நிம்மதியாகிவிட்டார்கள்.

அந்த எண் தருவது பொய்யான நிம்மதி. ஆஸ்துமாவில் ஆக்சிஜன் அளவு கடைசியில்தான் விழும். அதுவரை நோயாளி வேகவேகமாக மூச்சுவிட்டு அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பார். நெருப்புக்கு அருகிலேயே நின்றவர்களுக்குக் கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்தால் அதையும் அந்தக் கருவி ஆக்சிஜன் என்றே எண்ணிக் காட்டும். எண்ணைவிட்டு ஆளைப் பாருங்கள். ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதா? கழுத்தெலும்புக்கு மேலே உள்ள குழி மூச்சுக்கு மூச்சு உள்வாங்குகிறதா? படுக்க முடியாமல் முன்பக்கம் சாய்ந்து உட்காருகிறாரா? குழந்தையென்றால் பால் குடிக்கத் திணறுகிறதா? இரவு ஒன்பது மணிக்கு அந்தப் பெண் என்னிடம் வந்தபோது, ‘காலையிலிருந்து’ என்று சொல்லி நிறுத்தி, மூச்சு வாங்கி, ‘புகை’ என்றார். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் இரைச்சலே மிகக் குறைவாகக் கேட்டது. இரைப்புச் சத்தம் அடங்குவது எப்போதும் நல்ல செய்தி அல்ல. சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று போகவில்லை என்றும் பொருள். நெபுலைசரும் ஆக்சிஜனும் ஸ்டீராய்டும் கொடுத்து, பொங்கலை மருத்துவமனையில் கழித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

அவருக்கு நான் சொன்னதையே எல்லோருக்கும் சொல்கிறேன். ஸ்டீராய்டு இன்ஹேலர் வேலை செய்யச் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை ஆகும். போகிக்கு முந்தின நாள் எடுத்துப் பயனில்லை. மார்கழி பிறக்கும்போதே விடாமல் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். நிவாரண இன்ஹேலரில் மருந்து மீதமிருக்கிறதா என்று எண்காட்டியைப் பாருங்கள். குலுக்கிப் பார்ப்பதும் தண்ணீரில் மிதக்கவிடுவதும் சரியான சோதனை அல்ல. பொங்கலன்று மருந்துக்கடை தேடி அலைவதைவிடப் புதிதாக ஒன்று வாங்கி வைப்பது மேல்.

முந்தின இரவே சன்னல்களை மூடிவிடுங்கள். எல்லோரும் மறப்பது குளியலறை வென்டிலேட்டரை. அந்தக் கண்ணாடிப் பட்டைகளின் இடுக்கில் துணி அடைக்க வேண்டும். எக்சாஸ்ட் ஃபேன் ஓடினால் உள்காற்றை வெளியே தள்ளும், அதன் இடத்துக்கு வெளிப்புகைதான் வரும்; அதை நிறுத்திவையுங்கள். ஸ்பிளிட் ஏசி அறையின் காற்றையே சுழற்றுவதால் போட்டுக்கொள்ளலாம். கொசுவர்த்தியும் சாம்பிராணியும் அன்று வேண்டாம். வெளியே போயே ஆக வேண்டுமென்றால் முகத்தோடு ஒட்டும் என்95 முகக்கவசம் நுண்துகளைத் தடுக்கும், ஆனால் வாயுவைத் தடுக்காது. ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொள்வது நுண்துகளுக்குக்கூடத் தடையல்ல. வெயில் ஏறிப் புகை கலைந்தபின் சன்னல்களை அகலத் திறந்துவிடலாம்.

அப்படியும் இரைப்பு வந்துவிட்டால், நிவாரண இன்ஹேலரை, மருந்தைத் தேக்கிவைத்து மெதுவாக இழுக்க உதவும் குழாயான ஸ்பேசரில் பொருத்தி, ஒரு முறைக்கு ஒரு அழுத்தமாக நான்கு முதல் ஆறு அழுத்தம் வரை எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து முறை மூச்சிழுங்கள். தேவைப்பட்டால் இருபது நிமிடம் கழித்து மறுபடி. ஒரு மணி நேரத்தில் அடங்காவிட்டாலும், மேலே சொன்ன அடையாளங்களில் ஒன்று தெரிந்தாலும், 108 ஆம்புலன்ஸ்தான்; காத்திருக்கும்போதும் இன்ஹேலரைத் தொடருங்கள். கிளம்பும்போது இன்ஹேலர், ஸ்பேசர் இரண்டையும் கையோடு எடுத்து வாருங்கள். நீங்கள் இழுக்கும் விதம் தவறாக இருந்தால் மருந்து தொண்டையோடு நின்றிருக்கும். அதை நேரில் பார்த்தால்தான் எங்களால் கண்டுபிடிக்க முடியும்.